சுரண்டினால் வரும் வெள்ளை

கீழ்வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டினார். காணொளியில் ஒருவர் பளபளக்கும் ஆப்பிளைக் கத்தியால் சுரண்டுகிறார். கத்தி முனையில் வெள்ளையாகச் சுருண்டு வருகிறது. "பாருங்க தம்பி, மெழுகுவர்த்தியத் தடவி விக்கறாங்க. பேரனுக்கு இனிமே ஆப்பிளே வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். அந்தக் குழந்தைக்கு நான்கு வயது. ஆப்பிளைத் தோலோடு கடித்துத் தின்பதுதான் அவனுக்குப் பிடிக்கும்.

அன்று மாலையே இரண்டு ஆப்பிள்கள் வாங்கி வந்தேன். ஒன்று அம்பத்தூர் ஓ.டி. பக்கம் குளிரூட்டிய பழக்கடையில் வாங்கியது. ஸ்டிக்கர் ஒட்டிய அமெரிக்க ஆப்பிள். குழல்விளக்கு அதன்மேல் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மற்றொன்று பூந்தமல்லி சாலையோரத் தள்ளுவண்டியில் வாங்கிய காஷ்மீர் ஆப்பிள். மரப்பெட்டியில் வைக்கோல் நடுவே வந்தது; மங்கலானது, தோலில் மெல்லிய சாம்பல் பூத்தது போல இருந்தது. அக்காவின் கண் முன்னால் இரண்டையும் கத்தியால் சுரண்டினேன். இரண்டிலுமே வெள்ளையாக வந்தது.

யாரும் மெழுகு பூசாத ஆப்பிளிலிருந்து மெழுகு எப்படி வந்தது என்பதிலிருந்துதான் அக்காவின் அச்சத்துக்கு விடை தேட வேண்டும்.

ஆப்பிள் தன் மெழுகைத் தானே சுரக்கிறது. வாழையிலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதும், கறுப்புத் திராட்சையின்மேல் விரல் பட்டால் அழியும் வெண்மை படிந்திருப்பதும் இதே வேலைதான். பழத்தின் பெரும்பகுதி தண்ணீர். அது ஆவியாகிப் போகாமல் தடுக்கத் தோலின் மேற்புறச் செல்கள் நீருக்கு ஆகாத ஒரு பொருளைத் தயாரித்து வெளியே தள்ளுகின்றன. ஆப்பிளின் மெழுகில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 29 கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த நோனாகோசேன். மற்றொன்று, துளசி இலையிலும் இருக்கிற அர்சோலிக் அமிலம். இந்த மெழுகு நுண்ணிய படிகங்களாகவும் செதில்களாகவும் தோலின்மேல் நிற்பதால் அதில் படும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. மங்கலாகத் தெரிவது அதனால்தான். அந்தக் காஷ்மீர் ஆப்பிளை என் சட்டையில் இருபது முறை தேய்த்தேன். செதில்கள் நசுங்கிச் சமமாயின, அதுவும் பளபளத்தது. சிறுவயதில் நாம் எல்லோரும் இதைச் செய்திருப்போம்.

கத்திச் சோதனையை நம்பிப் பெரிய இடத்திலேயே பரபரப்பு எழுந்திருக்கிறது. 2019 செப்டம்பரில், அப்போது மத்திய உணவு, நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சராக இருந்த ராம்விலாஸ் பாஸ்வான் வீட்டுக்கு டெல்லி கான் மார்க்கெட்டிலிருந்து கிலோ 420 ரூபாய்க்கு வாங்கி வந்த ஆப்பிளில் மெழுகு இருந்ததாகச் செய்தி வந்தது. கத்தியால் சுரண்டிப் பார்த்துத்தான் கண்டுகொண்டார்கள். அதிகாரிகள் கடைக்குப் போனார்கள். அந்தப் பழத்தின்மேல் பூசிய மெழுகு இருந்திருக்கலாம். ஆனால் சுரண்டியதில் வந்த வெள்ளை அதற்குச் சாட்சியாகாது. பூசிய பழமானாலும் பூசாத பழமானாலும் கத்தி ஒரே விடையைத்தான் தரும்.

ஆப்பிளுக்குத் தன் மெழுகே இருக்கும்போது இன்னொன்றை ஏன் பூசுகிறார்கள்? ஏற்றுமதிக்குப் போகும் ஆப்பிள் பொதிகூடத்தில் முதலில் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிறது. பிறகு சுழலும் பிரஷ்களின்மேல் உருண்டுகொண்டே போகிறது. மண்ணும் தூசும் தெளித்த மருந்தும் போக வேண்டும் என்பதற்காக இந்தக் குளியல். பிரஷ் தேய்க்கும்போது பழத்தின் சொந்த மெழுகிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. அப்படியே விட்டால் கப்பலில் வரும் வாரங்களில் தோல் சுருங்கிவிடும். அதனால் இழந்ததற்கு ஈடாக, நீர்த்த மெழுகுக் கலவையைத் தெளித்து, மென்மையான பிரஷ்களால் பரப்பி, சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். பளபளப்பு வியாபாரத்துக்கு உதவுகிறது என்பதும் உண்மை. மங்கலான பழத்தை ஒதுக்கிவிட்டு மின்னுகிற பழத்தைப் பொறுக்குவது நாம்தான்.

இது வெளிநாட்டு வித்தை மட்டும் அல்ல. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பழங்களுக்கான மெழுகுக் கலவையை உருவாக்கியது. ஆயினும் காஷ்மீரிலிருந்து மரப்பெட்டியில் வருகிற சாதாரண ஆப்பிள் பெரும்பாலும் இந்தக் குளியலையே காண்பதில்லை. தோட்டத்தில் பறித்து, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அதன் சொந்த மெழுகு அப்படியே இருக்கிறது. தள்ளுவண்டியில் மங்கலாகக் கிடப்பதால் யாரும் சீந்தாத பழம், மெழுகுக்குப் பயப்படுகிறவர் தேட வேண்டிய பழம்.

இந்தியச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகள், 2011 பழங்களுக்கு மெழுகும் கனிம எண்ணெயும் சாயமும் பூசுவதைப் பொதுவாகத் தடை செய்துவிட்டு மூன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன: தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, அரக்கு. நல்ல உற்பத்தி முறைக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. எந்த மெழுகு பூசப்பட்டது என்று லேபிளிலும் சொல்ல வேண்டும்.

தேன்மெழுகு நமக்குத் தெரிந்ததுதான். கார்னாபா என்பது பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து உதிர்த்து எடுப்பது. அந்தப் பனையும் நம் பழம் போலவே தண்ணீரைக் காக்கத்தான் மெழுகைச் சுரக்கிறது. மூன்றாவதான அரக்குக்குத் தமிழனிடம் அறிமுகம் தேவையில்லை. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையிலிருந்து தபால் பைகளின் முத்திரை வரை நாம் கேட்டு வளர்ந்த பொருள். நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பலாசம், இலந்தை, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. அதிகம் விளைவது ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் 1924இல் அதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. வயிற்றின் அமிலத்தில் கரையாமல் குடலில் கரைய வேண்டிய மாத்திரைகளுக்கு மேற்பூச்சாக அரக்கைப் பூசுவது பழைய வழக்கம். மின்னும் மிட்டாய்களிலும் அரக்கோ கார்னாபாவோ உண்டு. ஆப்பிளை ஒதுக்கிய வீட்டிலும் இவை நாள்தோறும் நுழைந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனி அக்காவின் பேரனுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 180 கிராம் எடையுள்ள ஆப்பிளின் குறுக்களவு ஏறக்குறைய 7.2 செ.மீ. அதை உருண்டை என்று கொண்டால் தோலின் பரப்பு 163 சதுர செ.மீ. பல ஆப்பிள் வகைகளை அளந்த ஆய்வுகளில் ஒவ்வொரு சதுர செ.மீ. தோலிலும் ஏறத்தாழ 0.4 முதல் 1 மி.கி. வரை சொந்த மெழுகு இருப்பது தெரிந்திருக்கிறது. ஆகவே ஒரு பழத்தில் இயற்கையாகவே 65 முதல் 160 மி.கி. வரை மெழுகு இருக்கும். பூசுவது எவ்வளவு? ஒரு பவுண்டு மெழுகு 1,60,000 பழங்களுக்குப் போதும் என்று அமெரிக்க ஆப்பிள் தொழில்துறை சொல்கிறது. அப்படியானால் பழத்துக்கு 3 மி.கி. கூட வராது. விற்கிறவர் சொல்லும் கணக்கு என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. தாராளமாகவே கணக்கிடுவோம். ஒரு டன் பழத்துக்கு ஒரு லிட்டர் கலவை, அதில் ஐந்தில் ஒரு பங்கு கெட்டிப்பொருள் என்று வைத்துக்கொண்டால் 200 கிராம் மெழுகு சுமார் 5,500 பழங்களில் பரவுகிறது. பழத்துக்கு 36 மி.கி. இதைத் தோல் முழுவதும் பரப்பினால் கனம் 2 மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமயிரின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்கு. இந்தத் தாராளக் கணக்கிலும் பூசியது பழத்தின் சொந்த மெழுகைவிடக் குறைவு. காணொளியில் கத்தி முனையில் திரண்டு வந்ததில் பெரும்பங்கு ஆப்பிளுடையதே.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1992இல் கார்னாபா மெழுகை மதிப்பிட்டது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 7 மி.கி. வரை, வாழ்நாள் முழுக்க உண்டாலும் தீங்கில்லை என்று அது வரம்பு வைத்தது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 105 மி.கி. நம் தாராளக் கணக்கின்படி தினமும் மூன்று முழு ஆப்பிளைத் தோலோடு தின்றால்தான் அந்த வரம்பை எட்டும். அதுவும் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தீங்கு தெரியாத அளவையும் பல மடங்கு குறைத்து வைத்த வரம்பு. உடலுக்குள் என்ன நடக்கிறது என்றால், ஏறக்குறைய ஒன்றும் நடப்பதில்லை. இத்தனை நீண்ட கார்பன் சங்கிலிகளை உடைக்க நம் குடலின் நொதிகளால் பெரும்பாலும் முடிவதில்லை. மெழுகு நார்ச்சத்தோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது. வயிற்றில் மெழுகு படலமாக ஒட்டிக்கொள்ளும் என்பது தவறு. குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. அதில் எதுவும் ஒட்டி நிலைக்க வழியில்லை.

பூசுவதில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. மெழுகு தண்ணீரில் கலக்காது. கலக்க வைக்க ஓர் இடைத்தரகர் தேவை. அரக்கை அமோனியா கலந்த நீரில் கரைப்பார்கள். உலரும்போது அமோனியா காற்றில் போய்விடுகிறது. கார்னாபாவுக்குப் பல இடங்களில் மார்போலின் என்ற பொருளைச் சேர்த்தார்கள். அது தானாகக் கொடிய நஞ்சு அல்ல. ஆனால் வயிற்றில் நைட்ரைட்டைச் சந்தித்தால் நைட்ரோசோமார்போலின் ஆக மாறக்கூடும். விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்குகிறது. அமெரிக்கா அனுமதிக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கவில்லை. 2010இல் சிலியிலிருந்து பிரிட்டனுக்கு வந்த ஆப்பிள்களில் மார்போலின் தென்பட்டதாக அந்நாட்டு உணவுத் தர முகமை அறிவித்தது. உடனடி ஆபத்து இல்லை என்றாலும் அங்கே அதற்கு அனுமதி இல்லாததால் சரக்கு பிரச்சினைக்கு உள்ளானது. மெழுகைப் பற்றிக் கவலைப்படுகிறவர் மெழுகைவிட இந்த இடைத்தரகரைப் பற்றிக் கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து. காணொளிகளில் இது வருவதே இல்லை.

அக்கா அடுத்துக் கேட்டது நியாயமான கேள்வி. "அப்போ கழுவினா போயிடுமா?" அவர் வீட்டில் எந்தப் பழம் வந்தாலும் கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊறும்.

போகாது. தண்ணீரைத் தடுப்பதுதான் மெழுகின் தொழில். அதைத் தண்ணீரால் கரைக்க முடியாது. உப்போ மஞ்சளோ எலுமிச்சையோ வினிகரோ சேர்த்தாலும் அது தண்ணீர்தான். நல்லெண்ணெய் தேய்த்த தலையை வெறும் தண்ணீரால் அலசிப் பார்த்தவருக்கு இது தெரியும், சீயக்காய் வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவம் கொஞ்சம் மெழுகைத் தூக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது காம்புக் குழியிலும் அடிக்குழியிலும் தங்கிவிடும். பாத்திரத்துக்காகச் செய்ததைப் பழத்துக்குப் போட வேண்டாம். சூடு என்ன செய்யும்? தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். கார்னாபாவுக்கு 82 டிகிரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு சூடான நீரில் போட்டால் தோலுக்கு அடியிலுள்ள சதை வெந்து பழுப்பாகிவிடும். கை பொறுக்கும் வெந்நீர் எதையும் உருக்காது.

கொதிநீர் ஊற்றும் காணொளிகளில் பழத்தின்மேல் பால் போல வெண்மை படர்கிறதே என்று அவர் விடவில்லை. அதையும் செய்து பார்த்தோம். அமெரிக்க ஆப்பிள்மேல் கொதிநீர் ஊற்றியதும் திட்டுத் திட்டாக வெளுத்தது. மெழுகு வெளியே வந்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில் அது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அரக்குப் படலம் ஈரத்தை உறிஞ்சும்போது அதற்குள் நுண்ணிய நீர்த்துளிகள் சிக்கிக்கொள்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணாடி போலிருந்த படலம் வெண்மையாகத் தெரிகிறது. வார்னிஷ் அடித்த மேசையில் சூடான காபி தம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழுவதும் இதேதான்.

இந்த வெளுப்பு சென்னையில் கொதிநீர் இல்லாமலே வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் நம் ஊர்க் காற்றின் பனிநிலை பல நாட்கள் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின்மீதும் காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியும். கோயம்பேட்டுப் பக்கத்துக் குளிர்கிடங்கிலிருந்து 3, 4 டிகிரியில் வெளியே எடுத்த பெட்டியை ஆவடி மார்க்கெட்டில் இறக்கித் திறந்தால் ஆப்பிள்களுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. அந்த ஈரம் அரக்குப் படலத்தில் ஏறி, காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடி தூவியது போல நிற்கிறது. வாங்க வந்தவர் மருந்து அடித்தது என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார். கடைக்காரர் துணியால் துடைத்துத் துடைத்துச் சலிக்கிறார். பெட்டியைத் திறக்காமலே நிழலில் சில மணி நேரம் வைத்துப் பழத்தை மெல்ல வெதுவெதுப்பாக்கிய பிறகு திறந்தால் இது பெரிதும் குறையும். பூச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. அரக்கின் பளபளப்பு கார்னாபாவைவிட அதிகம், ஆனால் ஈரம் பட்டால் வெளுக்கும். கார்னாபா அவ்வளவு மின்னாது, வெளுப்பதும் குறைவு.

அரக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது. அரக்குப் படலம் காற்றை அதிகம் விடாது. கனமாகப் பூசினால் உள்ளே ஆக்சிஜன் குறைந்து பழம் நொதிக்கத் தொடங்குகிறது. கிரானி ஸ்மித் போன்ற சில வகைகளில் இது எளிதில் நேரும். வெளியே கண்ணாடி போல மின்னும் ஆப்பிளைக் கடித்தால் லேசாகச் சாராய வாடை வருவது அதனால்தான். கெடுதல் செய்யாது, ருசி போய்விட்டிருக்கும்.

பழம் எண்ணெய் தடவியது போல வழவழப்பாக இருந்தாலும் பயப்படுகிறார்கள். ராயல் காலா போன்ற ஆப்பிள்களைப் பல மாதம் சேமித்து வைத்தால் அவற்றின் சொந்த மெழுகில் கெட்டியான பகுதியோடு, இளகிய எஸ்டர்களும் சேர்ந்துகொண்டே போகும். தோல் பிசுபிசுக்கும். யாரும் எதுவும் தடவியிருக்கத் தேவையில்லை. அது பழத்தின் வயதைக் காட்டும் அடையாளம்.

சட்டம் அனுமதித்த மூன்றை விட்டுவிட்டு மலிவான பெட்ரோலிய மெழுகை யாராவது பூசினால் என்ன? கவலை அங்கேதான் இருக்க வேண்டும். நன்கு சுத்திகரித்த உணவுத் தரப் பெட்ரோலிய மெழுகும் செரிக்காமல் வெளியேறுவதுதான். ஆனால் தொழிற்சாலைகளுக்கான சுத்திகரிக்காத சரக்கில் புற்றுநோய் உண்டாக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் மிச்சம் இருக்கலாம். கண்ணாலோ கத்தியாலோ தீக்குச்சியாலோ இதைப் பிரித்தறிய முடியாது. ஆய்வுக்கூடத்தால் முடியும், அது செய்யும் விதம் அழகானது. செடிகள் தங்கள் மெழுகுச் சங்கிலியை இரண்டிரண்டு கார்பனாகக் கட்டி, கடைசியில் ஒன்றைக் கழித்துவிடுகின்றன. அதனால் ஆப்பிளின் ஹைட்ரோகார்பன்களில் 27, 29 என்று ஒற்றைப்படைச் சங்கிலிகளே மேலோங்கி நிற்கும். பெட்ரோலியம் பல கோடி ஆண்டுகள் பூமிக்குள் வெந்து உடைந்தது. அதில் 26, 27, 28, 29 என்று ஒற்றையும் இரட்டையும் ஏறக்குறைய சமமாக இருக்கும். தோலிலிருந்து கரைத்தெடுத்த மெழுகை வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தினால் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு முகடு வரையப்படும். உயரமும் குட்டையுமாக மாறி மாறி வந்தால் செடி. சீப்புப் பல் போல வரிசையாக வந்தால் பெட்ரோலியம்.

சந்தேகம் வலுவாக இருந்தால் வாங்கியவரே சோதனைக்குக் கொடுக்க வழி உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006இன் 40ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. புகார் எழுதுவதானால் எல்லை பார்த்து எழுதுங்கள். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி நியமன அலுவலர்.

இத்தனைக்குப் பிறகு கழுவுவதே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மெழுகுக்காகக் கழுவ வேண்டியதில்லை. மெழுகோடு இருப்பவற்றுக்காகக் கழுவ வேண்டும். கோயம்பேட்டிலிருந்து நம் தட்டு வரை அந்தப் பழத்தை எத்தனை கைகள் தொட்டிருக்கும்! பூந்தமல்லி சாலையில் நாள் முழுக்கத் திறந்து கிடந்த பழத்தின்மேல் லாரிப் புகை படிந்திருக்கும். இவற்றுக்கு ஓடும் தண்ணீரும் கையால் அழுத்தித் தேய்ப்பதும், பிறகு சுத்தமான பருத்தித் துணியால் துடைப்பதும் போதும். தேய்ப்பதில் பூசிய மெழுகும் கொஞ்சம் போகும்.

மருந்து எச்சம் வேறு விஷயம். சேமிப்பில் அழுகாமலிருக்கத் தயபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை ஆப்பிளில் பயன்படுத்துவது உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அதையும் பாஸ்மெட் என்ற பூச்சிக்கொல்லியையும் காலா ஆப்பிள்மீது பூசி ஒரு நாள் விட்டு, மூன்று விதமாகக் கழுவிப் பார்த்தார்கள். வெறும் தண்ணீரையும் பொதிகூடங்களில் பயன்படும் குளோரின் நீரையும்விட, லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த நீர் நன்றாக வேலை செய்தது. 12 முதல் 15 நிமிடம் ஊறியதில் மேற்பரப்பில் இருந்த மருந்து போய்விட்டது. ஆனால் தயபெண்டசோலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. அதை எந்தக் கழுவலும் எடுக்காது. அக்காவிடம் மஞ்சளை மிச்சம் பிடிக்கச் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு சிறு கரண்டி ஆப்ப சோடா, கால் மணி நேரம், பிறகு குழாயடியில் நன்றாக அலசல். காம்புக் குழியையும் அடிக்குழியையும் கத்தியால் கூம்பாக எடுத்துவிடலாம். பூச்சும் மருந்தும் தேங்குவது அங்கேதான். வாங்கி வந்ததுமே எல்லாவற்றையும் கழுவிக் குளிர்பெட்டியில் அடுக்க வேண்டாம். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தின்னும்போது கழுவினால் போதும்.

தோலைச் சீவினால் பூச்சு முழுவதும் போய்விடும் என்பது சரிதான். ஆனால் ஆப்பிளின் நார்ச்சத்தில் நல்ல பங்கும் குவெர்செட்டின் என்ற பொருளில் பெரும்பகுதியும் இருப்பது தோலில்தான். சில மில்லிகிராம் மெழுகுக்காக அதைக் குப்பையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்காவுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அவர் சுத்த சைவம். முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். அரக்கு பூச்சியிலிருந்து வருகிறது என்று நான் சொன்னபோதே முகம் மாறியிருந்தது. இதில் பூசியது எது என்று தெரிய வேண்டும் என்றார். ஸ்டிக்கரில் இருக்கும் நான்கு இலக்க எண் பழத்தின் வகையையும் அளவையும் மட்டுமே சொல்லும்; மெழுகைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆகவே இருவரும் ஓ.டி. கடைக்கே போனோம். "அண்ணே, இந்த ஆப்பிள் வந்த பெட்டி இருக்கா?" என்று அக்கா கேட்டார். கடைக்காரர் ஆரஞ்சு அடுக்கியிருந்த மேடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்த அட்டைப்பெட்டியை உருவித் துடைத்துக் கொடுத்தார். பக்கவாட்டில் மிகச் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. புத்துணர்ச்சி காக்க உணவுத் தரத் தாவர மெழுகு, தேன்மெழுகு மற்றும் அல்லது அரக்கு பூசப்பட்டது என்று அதற்குப் பொருள். மூன்றில் எது என்று நம் விதி கேட்கிறது. அந்த வரி சொல்லவில்லை. அக்கா இரண்டு முறை படித்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். பேரனுக்கு அங்கேயே ஒரு கிலோ வாங்கினார். தனக்குத் தள்ளுவண்டியிலிருந்து மங்கலான காஷ்மீர் ஆப்பிளில் அரைக் கிலோ.